பின்பக்கத்தைப் பார்த்து போன் வாங்காதீர்கள், என் இரண்டு மாதச் சம்பளம் போய்விட்டது

கோபம் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன். பழைய பொருட்களை விற்க உதவும் ஒரு தளத்தில் ‘ஐபோன் 13 ப்ரோ, நல்ல நிலையில்’ என்ற விளம்பரத்தை நம்பி இரண்டு மாதச் சம்பளத்தை அனுப்பினேன். வந்தது 2018-இல் வெளியான ஐபோன் எக்ஸ்ஆர். மேலே 13 ப்ரோவின் வெளிக்கூட்டைச் சட்டை மாதிரி மாட்டியிருக்கிறார்கள்.

படங்களை வைத்து மாடலைக் கண்டுபிடிப்பது எனக்குப் பழக்கம். விற்றவர் அனுப்பிய படங்களில் எல்லாமே பொருந்தியது. சதுரக் கேமரா மேட்டில் மூன்று பெரிய லென்ஸ்கள். வலது மேல் மூலையில் பிளாஷ், வலது கீழ் மூலையில் தூரம் அளக்கும் லைடார் சென்சாரின் கருப்பு வட்டம். 11 ப்ரோவில் அந்த வட்டம் கிடையாது, 12 ப்ரோவிலிருந்துதான் வந்தது. பின்மூடி பளபளப்பில்லாத மேட், கேமரா மேடு மட்டும் பளபளப்பு. சாதாரண 13-இல் இது அப்படியே தலைகீழ். ஓரங்களும் தட்டையாக இருந்தன. இத்தனையும் சேர்ந்தால் யாரும் ப்ரோ என்றுதான் சொல்வார்கள்.

நம்பிக்கையை உறுதியாக்கியது அவர் கடைசியாக அனுப்பிய ஸ்கிரீன்ஷாட். Settings உள்ளே About பக்கத்தின் மேல் வரியில் "iPhone 13 Pro" என்றிருந்தது. அந்த Name வரியை யார் வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம்! உண்மையைச் சொல்வது அதற்குக் கீழே இருக்கும் Model Name. அந்த வரி தெரியாதபடி படத்தை வெட்டியிருந்தார். “சந்தேகமே வேண்டாம் சார், நானே வாங்கி நானே வைத்திருந்த போன்” என்று குரல் செய்தி வேறு. அன்றைக்கே பணம் அனுப்பினேன்.

பெட்டியைத் திறந்து கையில் எடுத்ததுமே அகலம் இடித்தது. 13 ப்ரோவின் அகலம் 71.5 மில்லிமீட்டர், இது நான்கு மில்லிமீட்டர் கூடுதல். திரையைச் சுற்றிக் கருப்பு விளிம்பு அகலமாக இருந்தது. திரையின் மேலே இருக்கும் கருப்பு வெட்டான நாட்சில், பேச்சு கேட்கும் ஸ்பீக்கர் நடுவில் இருந்தது. 13 வரிசையில் அது மேல் விளிம்பை ஒட்டிப் போய், முன் கேமரா இடப்பக்கம் நகர்ந்துவிட்டது. அப்புறம் சிம் டிரே. 13 ப்ரோவில் அது இடப்பக்கம், வால்யூம் பட்டன்களுக்குக் கீழே இருக்கும். இதில் வலப்பக்கம், பவர் பட்டனுக்குக் கீழே. பின்மூடியை மாற்றலாம், ஆனால் சிம் செருகும் இடம் உள்ளே இருக்கும் போர்டின் அமைப்பைப் பொறுத்தது. பழைய போர்டுக்கு ஏற்றபடிதான் புதுச் சட்டையில் ஓட்டை போடுகிறார்கள். விளம்பரத்தில் இருந்த இடப்பக்கப் படம் வால்யூம் பட்டன்களோடு ஏன் முடிந்தது என்று இப்போது புரிகிறது.

கேமராவைத் திறந்தால் 0.5 ஜூம் இல்லை, 3 ஜூம் இல்லை. எக்ஸ்ஆருக்கு இருப்பதே ஒரு கேமராதான். மற்ற இரண்டும் வெறும் கண்ணாடி வட்டங்கள்.

விற்றவரைக் கூப்பிட்டேன். “அப்டேட் போட்டால் 0.5 வந்துவிடும் சார்” என்றார். சிம் டிரேயைப் பற்றிக் கேட்டதும், “அது வேறு நாட்டு மாடல்”. அதற்கப்புறம் எடுக்கவே இல்லை. தளத்தில் புகார் கொடுத்தேன். படத்தில் இருப்பதும் உங்களுக்கு வந்ததும் ஒரே பொருள்தானே, இதில் எங்கள் பொறுப்பு எதுவும் இல்லை என்று பதில் வந்தது. வயிறு எரிகிறது. படத்தில் இருந்த போலியே வந்து சேர்ந்ததாம், அதனால் புகார் செல்லாதாம்! இரண்டு மாதச் சம்பளம் சார், இரண்டு மாதச் சம்பளம்.

எப்படிக் கண்டுபிடிப்பது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது முடியவில்லை. அவசரத்துக்கு இவை மட்டும். பின்பக்கம் எந்தச் சட்டை என்றுதான் சொல்லும், எந்தப் போன் என்று சொல்லாது. திரை எரியும் நிலையில் முன்பக்கப் படமும், இரண்டு ஓரங்களின் முழு நீளப் படமும் கேளுங்கள். About பக்கத்தை வெட்டாமல் வீடியோவாகக் கேளுங்கள், Model Name வரி தெரிய வேண்டும். நேரில் பார்த்தால் நல்ல வெளிச்சத்தில் தூரத்துப் பொருளை 0.5-இலும் 3-இலும் வைத்து, லென்ஸ்களை ஒவ்வொன்றாக விரலால் மூடுங்கள். ஒவ்வொரு அளவிலும் வேறொரு லென்ஸை மூடும்போது திரை இருள வேண்டும். இருட்டிலும் பக்கத்துப் பொருளிலும் இதைச் செய்யாதீர்கள், அப்போது நல்ல போனே 3-க்கு முதன்மைக் கேமராவை எடுத்துக்கொள்ளும்.

இதையெல்லாம் காட்ட மறுத்தால் பணம் அனுப்பாதீர்கள்.