முதல் பிரசவம் சிசேரியன்: அடுத்ததற்குத் தேதி குறிப்பதா, வலிக்குக் காத்திருப்பதா?

என் தம்பி மனைவிக்கு முதல் பிரசவம் சிசேரியன். குழந்தை கடைசி வரை தலை திரும்பாமல் பிட்டம் கீழாகவே இருந்ததால், 39 வாரம் முடிந்ததும் தேதி குறித்து எடுத்துவிட்டார்கள். மூன்றரை வருடம் கழித்து இரண்டாவது குழந்தை, பிறக்க வேண்டியது மே மாதத்தில். வீடு குடியாத்தத்தில், ஆஸ்பத்திரி வேலூரில். 36ஆவது வாரத்தில் ஒரு நாள், "அண்ணி, இந்தத் தடவையும் ஆபரேஷன்தானா, இல்ல வலி வர்ற வரைக்கும் பார்க்கலாமா?" என்று கேட்டாள். நான் பதினோரு வருடம் லேபர் வார்டில் நர்ஸாக இருந்தவள். பதில் சொல்வதற்கு முன்னால், பழைய டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்து வரச் சொன்னேன்.

அதில் இரண்டு வரிகள்தான் எனக்கு வேண்டும். ஒன்று, கர்ப்பப்பையை எப்படி வெட்டினார்கள் என்பது. வயிற்றின் மேல் தெரியும் தழும்பை வைத்து இதைச் சொல்ல முடியாது. வெளியே குறுக்காக இருந்தாலும் உள்ளே நெடுக்காக வெட்டியிருக்கலாம். கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதியில் குறுக்கு வெட்டு என்றால் வலிக்குக் காத்திருக்க இடமுண்டு. மேலே நெடுக்காக வெட்டியிருந்தால் அந்தப் பேச்சே இல்லை, தேதி குறிக்க வேண்டியதுதான். இன்னொன்று, ஏன் செய்தார்கள் என்பது. குழந்தை பிட்டமாக இருந்தது அந்தக் கர்ப்பத்தோடு போன காரணம். இந்தக் குழந்தை தலை கீழாக இருக்கிறது. அதுவே, கர்ப்பப்பை வாய் முழுக்கத் திறந்தும் தலை இறங்காமல் நின்றுபோய் ஆபரேஷன் செய்திருந்தால், அது மறுபடியும் நடக்க வாய்ப்பு கூடுதல்.

அவளுக்கு இரண்டு வரியும் சாதகமாக இருந்தன. சரி, இப்போது தராசில் என்ன இருக்கிறது?

ஒரு சிசேரியனுக்குப் பிறகு வலிக்குக் காத்திருப்பவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 72 முதல் 75 பேருக்குச் சுகப்பிரசவம் ஆகிறது. ஆனவர்கள் சீக்கிரமே எழுந்து நடமாடுவார்கள், வயிற்றில் தையல் இல்லை, அடுத்த கர்ப்பத்துக்கும் சிக்கல் குறைவு. இந்தப் பக்கத்தின் பயம் ஒன்றே ஒன்று: பழைய தையல் இடம் வலியில் பிரிந்துவிடுவது. தானாக வலி வந்தால் சுமார் 200 பேரில் ஒருவருக்கு இது நேரும். மருந்து கொடுத்து வலியை வரவழைத்தாலோ கூட்டினாலோ அது இரண்டு மூன்று மடங்காகும். அதனால்தான் பழைய சிசேரியன்காரருக்கு வலி ஊசி போட டாக்டர்கள் யோசிக்கிறார்கள்.

தேதி குறிக்கும் பக்கத்தில் அந்தப் பயம் அநேகமாக இல்லை. என்ன நடக்கும் என்று முன்னாலேயே தெரியும். 39 வாரத்துக்கு முன்னால் எடுத்தால் குழந்தைக்கு மூச்சுத் திணறல் வர வாய்ப்பு கூடும் என்பதால் அந்த வாரம் வரை காப்பார்கள். (நல்ல நட்சத்திரம் என்று 37ஆவது வாரத்தில் நேரம் குறித்துக்கொண்டு வருபவர்களோடு நான் போட்ட சண்டைகளை எழுதினால் தனிப் புத்தகம் ஆகும்.) இதன் விலை பின்னால் வரும். ஒவ்வொரு தழும்பும் கூடக்கூட, அடுத்த கர்ப்பத்தில் நஞ்சுக்கொடி கீழே வந்து தழும்பிலேயே வேர்விட்டு ஒட்டிக்கொள்ளும் ஆபத்து ஏறும். மூன்றாவது குழந்தையும் வேண்டும் என்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

ஆனால் உண்மையான ஒப்பீடு இந்த இரண்டுக்கும் நடுவில் இல்லை. வலிக்குக் காத்திருந்து, பாதியில் ஆபரேஷனுக்குப் போகும் மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. நாலில் ஒருவர் அங்கேதான் போய் நிற்பார். அவசரத்தின் வகைகளைத் தெரிந்துகொள்ள வேண்டிய இடம் இதுதான்.

சிசேரியனை அவசரத்தை வைத்து நான்காகப் பிரிப்பார்கள். நான்காவது வகை, அம்மாவுக்கும் ஆஸ்பத்திரிக்கும் தோதான நாளில் செய்வது. மூன்றாவது, ஆபத்து இல்லை, ஆனால் சீக்கிரம் எடுக்க வேண்டும்: தேதி குறித்தவருக்கு அதற்கு முன்பே பனிக்குடம் உடைந்துவிட்டது போல. இரண்டாவதில் தாய்க்கோ குழந்தைக்கோ சிரமம் தொடங்கிவிட்டது, உயிருக்கு அந்த நிமிடமே ஆபத்தில்லை. முடிவெடுத்து 75 நிமிடத்துக்குள் குழந்தை வெளியே வர வேண்டும். முதல் வகை உயிர்ப் போராட்டம்: தொப்புள்கொடி முன்னால் நழுவி விழுவது, பழைய தையல் பிரிவது, குழந்தையின் துடிப்பு இறங்கி ஏறாமலே இருப்பது. அதற்கு 30 நிமிடம்.

இந்த 30 நிமிடத்தைத்தான் நான் தம்பியிடம் அழுத்திச் சொன்னேன். குடியாத்தத்திலிருந்து வேலூருக்கு வந்து சேரவே அதைவிடக் கூடுதல் நேரம் ஆகும். ஆகவே "வலி நல்லா வரட்டும், அப்புறம் போகலாம்" என்பது முதல் பிரசவத்துக்குச் சரி, இவளுக்குச் சரியில்லை. ராத்திரியும் மயக்க மருந்து டாக்டர், ரத்தம், தியேட்டர் தயாராக இருக்கும் இடமாக இருந்தால்தான் காத்திருப்பது ஒரு வழி. இல்லாவிட்டால் தேதி குறிப்பதே மேல்.

அவள் காத்திருக்கலாம் என்றாள். 41 வாரம் வரை வலி வராவிட்டால் தேதி என்று டாக்டரோடு பேசி முடிவானது. 39 வாரம் 5ஆம் நாள் விடியற்காலையில் வலி எடுத்தது. ஏழு மணிக்குள் வார்டில் சேர்த்து, குழந்தையின் துடிப்பைக் கழற்றாமல் மானிட்டரில் வைத்தார்கள். தையல் பிரிகிறது என்பதை முதலில் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் அந்தக் காகிதத்தில் ஓடும் கோடுதான். அப்புறம்தான் வலிக்கும் வலிக்கும் நடுவில் விடாத வலி, ரத்தப்போக்கு, திடீரென வலி நின்றுபோவது எல்லாம். மதியம் ஆறு சென்டிமீட்டர் திறந்தது. அதோடு நின்றது. மூன்று மணிக்கு ஒவ்வொரு வலியிலும் துடிப்பு இறங்கி, மெதுவாக ஏறத் தொடங்கியது. 3.10க்கு முடிவு, இரண்டாவது வகை. ஸ்பைனல் போட நேரம் இருந்தது. 4.05க்குப் பெண் குழந்தை. தையல் பிரியவில்லை.

ஒரே பெண், இரண்டு சிசேரியன். தேறியது மட்டும் ஒன்றுபோல இல்லை. முதல் தடவை மறுநாள் காலையில் யூரின் டியூபை எடுத்ததும் அவளாகவே நடந்து பாத்ரூம் போனாள். இந்தத் தடவை பத்து மணி நேரத்துக்கு மேல் வலி பட்டு, அதன் மேல் வெட்டும் வாங்கிய உடம்பு. மறுநாள் சாயங்காலம் இரண்டு பேர் பிடித்துத்தான் எழுந்தாள். பக்கவாட்டில் திரும்பி, கையை ஊன்றி எழவேண்டும் என்பதை மறந்து நேராக எழப் பார்த்து அழுதாள். வலி தொடங்கிய பிறகு செய்யும் ஆபரேஷனில் புண் சீழ்ப்பிடிக்க வாய்ப்பும் கூடுதல்.

எட்டாம் நாள் அதுதான் நடந்தது. வேலூர் மே மாதத்து வெயில். தழும்பு இருப்பது வயிற்று மடிப்பின் அடியில், வேர்வை நிற்கும் இடத்தில். அதற்கு மேல் எங்கள் அம்மா பழைய சேலையை இறுக்கிச் சுற்றியிருந்தார். தையலின் இடது ஓரம் ஓர் அங்குலத்துக்குச் சிவந்து, தொட்டால் சூடாக, மஞ்சள் நீர் துணியில் ஒட்டியது. லேசான நாற்றம். காய்ச்சல் 100.8. அன்றே கொண்டுபோனோம். தோலளவில்தான் என்று திறந்து சுத்தம் செய்து, மாத்திரை கொடுத்து, தினமும் டிரெஸ்ஸிங். மூன்றாம் வாரத்தில் மூடிக்கொண்டது. கட்டை அவிழ்த்தோம், குளித்ததும் ஒற்றி உலர்த்தினோம், அவ்வளவுதான்.

அம்மாவோடு இன்னொரு சண்டை தண்ணீருக்கு. "தண்ணி குடிச்சா புண்ணு ஆறாதும்மா" என்று ஒரு நாளைக்கு நாலு டம்ளர்தான் கொடுத்தார். அந்த வெயிலில் பால் கொடுக்கும் பெண்ணுக்கு! மலச்சிக்கலில் முக்கினால் தையல்தான் வலிக்கும் என்ற பிறகுதான் விட்டுக்கொடுத்தார். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால், மூச்சு வாங்கினால், ஒரு மணி நேரத்தில் ஒரு பேட் நனைந்தால் மறுநாள் வரை பார்க்காமல் 108ஐக் கூப்பிடுங்கள் என்று தம்பிக்குச் சொல்லிவைத்தேன். குழந்தையைவிடக் கனமான எதையும், முக்கியமாக மூன்றரை வயது மூத்தவனை, ஆறு வாரம் தூக்காமல் இருப்பதுதான் அவளுக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது. உட்கார்ந்துகொண்டு மடிக்கு வரவழைத்துக்கொண்டாள்.

அடுத்தது என்று ஒன்று வந்தால் பெரும்பாலும் தேதிதான். புது சம்மரியில் வெட்டு குறுக்கா என்று பார்த்துவிட்டு, பழையதோடு சேர்த்து ஒரே பிளாஸ்டிக் கவரில் போட்டு அவளிடமே கொடுத்தேன்.