திங்கள் பத்து மணி: ஒரு வருஷத்து அனுபவம்

ராணிப்பேட்டை நண்பன் கேட்டான்: "பில் குறைஞ்சா அடிக்கிற உங்க அலாரத்தை எங்க கடைகளுக்கும் போடலாமாடா?" ஒரே வரியில் பதில் சொல்ல முடியவில்லை, அதனால் இது.

வேலூரில் ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள மருந்துக்கடைகளின் பில்லிங் சர்வரை நான் பார்த்துக்கொள்கிறேன். முன்பு மணிக்கு 50 பில்லுக்குக் கீழே போனால் போன் அலறும். தினமும் நடுராத்திரியில் அலறும். காலையில் 900 வரவேண்டிய இடத்தில் 300 வந்தால் மூச்சே விடாது. அப்புறம்தான் கிழமையையும் மணியையும் சேர்த்து, வாரத்துக்கு 168 கட்டங்களாகப் பிரித்தேன். திங்கள் பத்து மணியை, முந்தைய எட்டுத் திங்களின் அதே பத்து மணியோடு மட்டும் ஒப்பிடும். நடுராத்திரி அலறல் அன்றோடு நின்றது.

என் எரிச்சல் தீபாவளி. அந்த வருஷம் திங்களன்று வந்தது. ஓ.பி. கிடையாது, பத்து மணிக்கு 240 பில்தான். எண்ணெய் தேய்த்து உட்கார்ந்தவனை மணிக்கொரு தரம் எழுப்பியது. சரி, பண்டிகை அதற்கு எப்படித் தெரியும் என்று விட்டுவிட்டேன். தப்பு. சில வாரம் கழித்து ஒரு திங்கள் நிஜமாகவே கோளாறு, 310 பில்தான் வந்தது. போன் கம்மென்று இருந்தது. கடைக்காரர் கூப்பிட்டுத் திட்டிய பிறகுதான் எனக்கே தெரியும்.

அப்போதைய எட்டு எண்கள்: 880, 910, 895, 925, 240, 870, 905, 890. சராசரி 814, திட்டவிலக்கம் 233. அப்போது சராசரியிலிருந்து திட்டவிலக்கத்தின் மூன்று மடங்கைக் கழித்ததுதான் எல்லை, சுமார் 115; அதற்குக் கீழே போனால்தான் அலறும். அந்த ஒரு தீபாவளி எல்லையைக் கிணற்றுக்குள் இறக்கிவிட்டது. அதே எண்களின் இடைநிலை 892.5. அதிலிருந்து ஒவ்வொன்றும் விலகும் தூரங்களின் இடைநிலை 15. முதலாவதை med என்றும் இரண்டாவதை mad என்றும் வைத்தால், இப்போது ஓடுவது இது:

```
limit = med - 4 * max(1.4826 * mad, med ** 0.5)
```

15 திட்டவிலக்க அளவுக்கு மாற்றினால் 22 ஆகிறது. வர்க்கமூலம் 30, அதுவே பெரியது. எல்லை 773. அன்று இது இருந்திருந்தால் 310 உடனே அலறியிருக்கும். எட்டு வாரமும் தற்செயலாக ஒரே மாதிரி இருந்தால் எல்லை அநியாயத்துக்கு நெருங்கிவிடும், வர்க்கமூலம் அதற்குத்தான்.

ராத்திரி மூன்று மணிக்கு வழக்கமே 9 பில். எல்லை பூஜ்யத்துக்குக் கீழே போய்விடும், சர்வர் செத்தாலும் சத்தம் வராது. பன்னிரண்டிலிருந்து ஐந்து வரை கூட்டி ஒரே கட்டமாக்கினேன். மொத்தம் 45, எல்லை 18. ஆனால் விடிந்த பிறகுதான் சொல்லும்.

பண்டிகை மட்டும் இன்னும் கைவேலை. விடுமுறைப் பட்டியல் ஒன்று வைத்து, அந்த நாளை ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்தோடு ஒப்பிடச் சொல்லியிருக்கிறேன். போன பொங்கலுக்குப் பட்டியலைப் புதுப்பிக்க மறந்தேன். பொங்கல் பொங்கும்போது போனும் பொங்கியது.

நண்பனுக்கு நான் சொன்னது: வேண்டாம்டா. ஆனால் என் கடைகளிலிருந்து அதை எடுக்கச் சொன்னால் எடுக்க மாட்டேன்.