மழை மூன்று மாதம்: பஜ்ஜி வண்டியா, இட்லி மாவா?

சென்னையில் பஸ் ஸ்டாப் ஓரமாகத் தள்ளுவண்டியில் வெட்டிய பழம் விற்கிறோம். ஐப்பசி பிறந்து அடைமழை பிடித்துவிட்டால் கொய்யாவையும் வெள்ளரியையும் திரும்பிப் பார்க்க ஆள் இருக்காது. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வீட்டை ஓட்ட நாங்கள் மூன்று வழி பார்த்தோம். இப்போது இட்லி மாவில் நிற்கிறோம்.

முதல் வழி தண்டல். 10,000 என்று எழுதி, பிடித்தம் போக 8,500 கையில் தருவார்கள். தினம் 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். அந்த 100 நாளில் பெரும்பாலும் மழைக்காலத்திலேயே ஓடிவிடும். வண்டி எடுக்காத நாளிலும் சாயங்காலம் ஆள் வந்து நிற்பார். இதை வருமானமாக எண்ணவே கூடாது. கடன்தான் வேண்டுமென்றால், மாதத் தவணையில் கட்டுகிற பிரதமர் ஸ்வநிதி கடனை வங்கியில் கேட்பது மேல்.

அடுத்தது பஜ்ஜி. மழைக்குச் சூடாக எதுவும் போகும் என்று எல்லோரும் சொல்வார்கள், உண்மைதான். தூறல் சாயங்காலத்தில் இரண்டு மணி நேரத்தில் 600 ரூபாய் நின்ற நாளும் உண்டு. ஒரே ஒரு சீசன்தான் போட்டோம், அதனால் இதில் எங்கள் அனுபவம் குறைவு. ஆனால் அந்த ஒரு சீசனே ஒன்றைச் சொல்லிக் கொடுத்தது: விற்றது எவ்வளவு என்பதைவிட, விற்காதது என்ன ஆகிறது என்பதுதான் கணக்கு.

தூறல் வேறு, கொட்டுகிற மழை வேறு. வாழைக்காயைச் சீவி, கடலை மாவு கரைத்து, எண்ணெய் காய்ந்த பிறகு மழை பிடித்துக்கொண்டால் தார்ப்பாய்க்கு அடியில் நாமும் அடுப்பும்தான். சீவிய வாழைக்காய் கறுத்துவிடும். கரைத்த மாவை மறுநாள் போட்டால் புளித்து எண்ணெயைக் குடிக்கும். காய்ந்த எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சினால் நிறம் கறுத்து, நுரை கட்டி, புகை சீக்கிரம் வரும். அதில் போட்டுக் கொடுக்க மனசு வராது. அப்படி ஒரு மாலைக்கு 250 ரூபாய் போல நட்டம். வாரத்தில் இரண்டு நாள் இப்படிப் போனால் நல்ல நாளின் லாபம் எங்கே?

இட்லி மாவில் ஒரு நாள் லாபம் குறைவு. 4 கிலோ இட்லி அரிசி, 1 கிலோ உளுந்து, கொஞ்சம் வெந்தயம். கரண்ட், கவர் எல்லாம் சேர்த்து 350 ரூபாய் பிடிக்கும். 12 கிலோ போல மாவு வரும், கிலோ 50 என்றால் 600. மிச்சம் 250தான். ஆனால் மழை கொட்டினாலும் தெருவுக்குள்ளேயே விற்கும். குடை பிடித்துக்கொண்டு தூக்குவாளியோடு வருவார்கள்.

மிஞ்சினாலும் வீணாகாது. 3 கிலோ நின்றுவிட்டால் ஃபிரிட்ஜில் வைப்போம். மழைக் குளிரில் மாவு பொங்க லேட்டாகும். வெயில் காலத்தில் 8 மணி நேரம் என்றால் இப்போது 12, 14 மணி நேரம்கூட ஆகும். அப்போது நேற்றைய மாவில் ஒரு கரண்டி எடுத்துப் புது மாவில் விட்டுக் கையால் கலந்தால் சீக்கிரம் எழும்பிவிடும். ஒரு கரண்டிக்கு மேல் விட்டால் புதுசும் புளித்துவிடும், கவனம். மூன்றாம் நாள் மாவுக்கும் ஆள் உண்டு. "அக்கா, புளிச்ச மாவு இருந்தா குடுங்க, பணியாரம் ஊத்தணும்" என்று எதிர்வீட்டுப் பெண்ணே கேட்டு வாங்குவாள். பாதி விலைக்குக் கொடுத்தாலும் போட்ட காசில் பெரும்பகுதி வந்துவிடும்.

இதற்கும் எமன் உண்டு, கரண்ட். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் தெருவில் மூன்று நாள் கரண்ட் இல்லை. ஃபிரிட்ஜில் இருந்த 8 கிலோவும் மூடியைத் தள்ளிக்கொண்டு வழிந்தது. அதிலிருந்து விடியற்காலையிலேயே கிரைண்டர் போட்டுவிடுகிறோம். புயல் எச்சரிக்கை என்றால் ஃபிரிட்ஜைக் காலி செய்துவிட்டு, அன்று அரைத்ததைப் பொங்கவிடாமல் அன்றைக்கே விற்றுவிடுகிறோம். அன்றைக்குத்தான் கிராக்கியும் அதிகம், ஆளுக்கு இரண்டு கிலோ கேட்பார்கள்.

மளிகைக் கடைக்கும் ஒரு மாதம் போட்டுப் பார்த்தோம். விற்காததை ரிட்டன் எடுக்கச் சொன்னார்கள். வெளியில் அடுக்கி வைத்திருந்த கவர் உப்பித் திரும்பி வந்தால் பணியாரத்துக்குக்கூட ஆகாது. கடையில் ஃபிரிட்ஜில் வைப்பதாக இருந்தால் கணக்கு மாறலாம்.

கிரைண்டரும் ஃபிரிட்ஜும் வீட்டில் இல்லாதவர்கள் இந்தச் சீசனுக்காகக் கடன் வாங்கி மாவில் இறங்க வேண்டாம். அவர்களுக்குத் தெரிந்தவர் கடை வாசலில் கூரையோடு ஓரமாக இடம் கிடைத்தால், பஜ்ஜியே போடலாம். மாவை மட்டும் கால் கிலோ கால் கிலோவாகக் கரைத்துக்கொள்ளுங்கள்.