நோட்டீஸில் குறைந்த விலை, வருடக் கணக்கில் கூடுதல் விலை: பெரியம்மாவுக்கு ஒரு ரீசார்ஜ் அலசல்

கோவில்பட்டியில் இருக்கும் பெரியம்மா மார்ச் கடைசியில் வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பினார். ரீசார்ஜ் கடையில் கொடுத்த நோட்டீஸ். கூடவே ஒரு குரல் செய்தி: "தம்பி, இதுல எது போட்டா காசு கம்மியாகும்னு பாத்துச் சொல்லு. கடைக்காரர் எப்பவும் 349 போட்டு விடுறாரு."

முதலில் அந்தப் படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தவறு அங்கேயே தொடங்கியது. மடித்த தாளை ட்யூப் லைட்டுக்குக் கீழே வைத்து எடுத்திருந்தார். நடுவில் பளபளப்பு, கீழ் ஓரம் வெட்டுப்பட்டிருந்தது. டேட்டா இல்லாத 469 ரூபாய் பிளானுக்கு நேரே "34 நாள்" என்று எனக்குத் தெரிந்தது. விலையை நாளால் வகுத்தேன்: நாளுக்கு 13 ரூபாய் 79 காசு. ஆனால் அதே தாளில் 349 ரூபாய் பிளான், தினமும் 1.5 ஜிபி டேட்டாவோடு, நாளுக்கு 12 ரூபாய் 46 காசுதான் வருகிறது. டேட்டாவே இல்லாத பிளான் டேட்டா உள்ளதைவிட விலை கூட இருக்க வாய்ப்பில்லை. அப்போதுதான் அது 34 இல்லை, 84 என்று சந்தேகம் வந்தது. இன்னொரு வரியில் 1.5 என்பதில் புள்ளி மறைந்து 15 ஜிபி போலத் தெரிந்தது. படத்திலிருந்து எண்களை எடுக்கும்போது ஒவ்வொரு வரிக்கும் நாள் விலையைப் போட்டுப் பாருங்கள். பக்கத்து வரிகளோடு ஒட்டாமல் ஒன்று மட்டும் துருத்திக்கொண்டு நின்றால், பெரும்பாலும் அந்த எண்ணைத் தப்பாகப் படித்திருப்போம்.

தாளை வாசலில் பகல் வெளிச்சத்தில் விரித்து, மேல் பாதி ஒன்று, கீழ் பாதி ஒன்று என்று இரண்டு படமாக எடுக்கச் சொன்னேன். கீழ் பாதிதான் முக்கியம். நட்சத்திரக் குறி போட்ட நிபந்தனைகளும், டேட்டா பேக் விலைகளும் அங்கேதான் பொடி எழுத்தில் இருந்தன. தாள் எப்போது அச்சடித்தது என்பதையும் பார்க்க வேண்டும். 2024 ஜூலைத் தொடக்கத்தில் தனியார் செல்போன் நிறுவனங்கள் மூன்றும் விலையை ஏற்றின. அதற்கு முந்தைய தாள் எங்காவது கடையில் தொங்கிக்கொண்டிருந்தால் அதை வைத்துக் கணக்குப் போட்டுப் பயனில்லை. இந்தத் தாளில் இருந்த விலைகளை நிறுவனத்தின் செயலியில் பெரியம்மாவின் எண்ணைப் போட்டுச் சரிபார்த்தேன், பொருந்தின.

இரண்டாவது படத்தில் தெளிவாகத் தெரிந்தவை இவை. எல்லாவற்றிலும் உள்நாட்டு அழைப்புகள் அன்லிமிடெட்.

| விலை | நாள் | டேட்டா | 365 நாளுக்கு |
|---|---|---|---|
| ₹199 | 28 | மொத்தம் 2 ஜிபி | ₹2,594 |
| ₹299 | 28 | தினம் 1 ஜிபி | ₹3,898 |
| ₹349 | 28 | தினம் 1.5 ஜிபி | ₹4,549 |
| ₹859 | 84 | தினம் 1.5 ஜிபி | ₹3,733 |
| ₹469 | 84 | இல்லை | ₹2,038 |
| ₹1,849 | 365 | இல்லை | ₹1,849 |

அட்டவணையின் கடைசி நெடுவரிசை நோட்டீஸில் கிடையாது, நான் போட்டது. விலையை நாளால் வகுத்து 365-ஆல் பெருக்கியிருக்கிறேன். இதைச் செய்யாமல் ஒப்பிட முடியாது. 28 நாளை "ஒரு மாசம்" என்று எல்லோரும் சொல்கிறோம், ஆனால் வருடத்துக்கு 12 இல்லை, 13 முறை ரீசார்ஜ் செய்கிறோம்.

கடைசி இரண்டு வரிகளும் கொஞ்சம் புதுசு. டேட்டா தேவைப்படாதவர்களுக்கு அழைப்பும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள திட்டம் ஒன்றாவது இருக்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 டிசம்பரில் விதி கொண்டுவந்தது. அதே திருத்தத்தில்தான் இப்படிப்பட்ட சிறப்புத் திட்டங்களின் அதிகபட்ச காலத்தை 90 நாளிலிருந்து 365 நாளாக உயர்த்தியது. இந்த இரண்டையும் கடையில் யாரும் தானாக எடுத்துச் சொல்வதில்லை, நாம்தான் கேட்க வேண்டும்.

சரி, இனி பெரியம்மாவின் பழக்கம். எத்தனை நிமிடம் பேசுகிறார் என்பது இங்கே எதையும் தீர்மானிக்கவில்லை. தினமும் ஒரு மணி நேரம் பேசினாலும் எல்லாப் பிளானும் அதைத் தாங்கும். வெளிநாட்டு அழைப்பு அவருக்கு இல்லை. எஸ்எம்எஸ் அவர் அனுப்புவதே இல்லை, வங்கியிலிருந்து வரும் ஓடிபிக்குக் காசு கிடையாது. ஆக டேட்டா ஒன்றுதான் கேள்வி.

"எவ்வளவு டேட்டா பாக்குறீங்க?" என்று கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியாது. போனே சொல்லும். ஆண்ட்ராய்டில் `Settings` உள்ளே `Data usage` என்று தேடினால், சிம் வழியாக ஓடியது மாதவாரியாகத் தெரியும். வைஃபை கணக்கு அதில் சேராது, நமக்கு வேண்டியதும் அதுதான். பெரியம்மாவைத் திரையின் படத்தை அனுப்பச் சொன்னேன். மார்ச் 7.8 ஜிபி, பிப்ரவரி 8.3 ஜிபி, ஜனவரி 0.4 ஜிபி. காலையில் யூடியூபில் பக்திப் பாட்டு, ஞாயிற்றுக்கிழமை பெங்களூருவில் இருக்கும் பேரனோடு வீடியோ அழைப்பு, அவ்வளவுதான் அந்த எட்டு ஜிபி. அவர் போட்டிருந்த 349 பிளான் 28 நாளுக்கு 42 ஜிபி தருகிறது. மிச்சமெல்லாம் தினமும் நள்ளிரவில் காலாவதியாகிக்கொண்டிருந்தது.

முதலில் கண்ணில் படுவது 199. தாளிலேயே குறைந்த விலை அது. ஆனால் 2 ஜிபி அவருக்கு ஒரு வாரம்தான் வரும். மீதிக்கு டேட்டா பேக் வேண்டும். தாளின் அடியில் மூன்று பேக் இருந்தன: 22 ரூபாய்க்கு 1 ஜிபி, ஒரு நாள். 77 ரூபாய்க்கு 5 ஜிபி, ஏழு நாள். 161 ரூபாய்க்கு 12 ஜிபி, 30 நாள். இங்கே ஜிபியை மட்டும் பார்த்து 77 ரூபாய் பேக்கை எடுத்தால் ஏமாந்துபோவோம். அது பிளான் முடியும் வரை ஓடாது, ஏழாம் நாள் மிச்சத்தோடு போய்விடும். அவருக்குப் பொருந்துவது 161 மட்டுமே. 199-ஓடு அந்தப் பேக்கை வருடத்துக்கு 12 முறை போட்டால் 4,526 ரூபாய். இப்போது கட்டும் 349 பிளானைவிட வெறும் 23 ரூபாய்தான் குறைவு. ஆக 199 கழிந்தது.

299-ஐயும் விட்டுவிடலாம். 859 பிளான் அதைவிட வருடத்துக்கு 165 ரூபாய் குறைவாகவும் தினம் அரை ஜிபி கூடுதலாகவும் தருகிறது. மூன்று மாதத்துக்கு ஒன்றாகக் கட்ட முடிகிறவருக்கு 299 எடுக்கக் காரணமே இல்லை.

மிஞ்சியவை இரண்டு வழிகள். ஒன்று, 859 போட்டுவிட்டு எதையும் யோசிக்காமல் இருப்பது, வருடத்துக்கு 3,733. இன்னொன்று, 1,849 போட்டு, வேண்டிய மாதங்களுக்கு மட்டும் 161 பேக் சேர்ப்பது. பன்னிரண்டு பேக்கும் போட்டால் 3,781. அதாவது எல்லா மாதமும் டேட்டா வேண்டும் என்றால் 859 தான் 48 ரூபாய் குறைவு. நானும் முதலில் அதைத்தான் சொல்லப் போனேன். அப்புறம் ஜனவரியின் அந்த 0.4 ஜிபி உறுத்தியது.

கேட்டேன். "பொங்கலுக்கு பெங்களூருல அண்ணன் வீட்டுக்குப் போயிட்டேன்ல. அங்க வைஃபை இருக்கு." ஜனவரி மட்டும் இல்லை, மே மாதமும் தீபாவளியை ஒட்டி அக்டோபரும் அங்கேதான் இருப்பாராம், வருடா வருடம். அந்த மூன்று மாதமும் 859 பிளானில் டேட்டாவுக்கான பணம் போய்க்கொண்டேதான் இருக்கும். பேக் வழியில் போகாது. ஒன்பது பேக் 1,449, பிளான் 1,849, மொத்தம் 3,298. 859-ஐவிட 435 ரூபாய் குறைவு, 349-ஐவிட 1,251 ரூபாய் குறைவு.

இரண்டு வழிக்கும் இடையிலான எல்லை எங்கே என்பதைத் தனியாகப் போட்டுப் பார்த்தேன். 3,733-இல் 1,849-ஐக் கழித்தால் 1,884. அதை 161-ஆல் வகுத்தால் 11.7. வருடத்துக்கு 11 பேக்குக்குள் முடிந்தால் வருடப் பிளான் மலிவு, 12 ஆனால் 859 மலிவு. ஒரே தடவையில் 1,849 எடுத்து வைப்பது எல்லோருக்கும் முடியாது. முடியாதவர்கள் 469 பிளானை எடுத்தால் இதே எல்லை 10 பேக்காக இறங்குகிறது. ஒன்பது பேக்கோடு 3,487 வரும், அப்போதும் 859-ஐவிடக் குறைவுதான். பெரியம்மாவின் பக்கத்து வீட்டு அக்காவுக்கு வீட்டிலேயே வைஃபை உண்டு, வெளியே போனால் பேச மட்டும்தான் போன். அவருக்கு இந்த அலசலே தேவையில்லை, 1,849 மட்டும் போதும்.

பேக் வழியில் எனக்குப் பிடித்த இன்னொன்று, தினசரி வரம்பு இல்லாதது. வீடியோ அழைப்பு ஞாயிறன்று நீண்டுபோனாலும் 12 ஜிபிக்குள் எந்த நாளில் எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். இடைஞ்சலும் உண்டு. பேக் முடிந்த பிறகு டேட்டாவை அணைக்காமல் விட்டு, மெயின் பேலன்சில் பணமும் கிடந்தால், அதிலிருந்து எம்பி கணக்கில் கழியும். ஆகவே பெரியம்மாவுக்கு மெயின் பேலன்ஸ் எதுவும் போடாமல் வைத்திருக்கிறேன். நடுவில் வேறு நிறுவனத்துக்கு மாறினால் வருடப் பிளானில் மிச்ச நாளுக்குப் பணம் திரும்பாது. அவர் வீட்டுக்குள் இந்த ஒரு நிறுவனத்தின் சிக்னல்தான் ஒழுங்காக எடுக்கிறது என்பதால் அந்தப் பயம் எனக்கு இல்லை.

பணம் கட்டுமுன் கடைசியாக ஒன்றைக் கேட்டே ஆக வேண்டியிருந்தது. டேட்டா பேக் "நடப்பில் உள்ள பிளானோடு மட்டும்" செல்லும் என்று நட்சத்திரக் குறிக்கு நேரே எழுதியிருந்தது. அழைப்பு மட்டும் உள்ள பிளானும் அதில் சேருமா என்று தாளில் இல்லை. சேராவிட்டால் மொத்தக் கணக்கும் உடைந்துவிடும். பெரியம்மா கடையில் போய்க் கேட்டார், கடைக்காரர் நிறுவனத்தின் உதவி எண்ணில் விசாரித்து, சேரும் என்றார்.

ஏப்ரல் 1ஆம் தேதி 1,849-உம் முதல் 161 பேக்கும் போட்டாயிற்று. பேக் 30ஆம் தேதியோடு முடிகிறது, பெரியம்மா மே 5ஆம் தேதிதான் பெங்களூரு கிளம்புகிறார். நடுவில் உள்ள நாலு நாளுக்கு என்ன செய்வது என்று நேற்று கேட்டார். பேரனோடு பேசும் ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் 22 ரூபாய் பேக் போடச் சொல்லியிருக்கிறேன்.