டெமோ முடிந்த பிறகு எந்த மெயில்? நன்றிக் கடிதமா, பதில் கடிதமா?

கோயம்புத்தூரில், பட்டறை மெஷின்களுக்குக் காற்றை அழுத்திக் கொடுக்கும் ஸ்க்ரூ கம்ப்ரஸர் விற்கும் வேலை எனக்கு. டெமோ முடிந்ததும் வாடிக்கையாளருக்கு அனுப்பும் மெயிலில் இரண்டு வகையையும் பயன்படுத்தியிருக்கிறேன். ஒன்று, அன்று மாலையே போகும் நன்றி மெயில். அதில் கேட்லாக், கொட்டேஷன், 'மேலும் விவரம் வேண்டுமென்றால் அழையுங்கள்' எல்லாம் இருக்கும். இன்னொன்று, மறுநாள் உட்கார்ந்து மீட்டிங்கில் வந்த சந்தேகங்களுக்கு ஒவ்வொன்றாகப் பதில் எழுதும் மெயில். நான் இப்போது இரண்டாவதற்கு மாறிவிட்டேன்.

நன்றி மெயிலின் நன்மை எல்லோருக்கும் தெரிந்ததுதான். 10 நிமிட வேலை, சூடு ஆறுவதற்குள் போய்ச் சேரும். வாட்ஸ்அப்பில் அதையே அனுப்புகிறவர்களும் உண்டு. முதலாளி ஒருவரே பார்த்து, ஒருவரே முடிவு எடுக்கும் சின்னப் பட்டறைக்கு அது போதும்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், முடிவு எடுப்பவர் அந்த மீட்டிங்கில் இல்லாதபோது. கணபதி பக்கம் ஒரு சிஎன்சி பட்டறையில் நடந்ததைச் சொல்கிறேன். பழைய 22 கிலோவாட் கம்ப்ரஸரை மாற்ற வேண்டும். அதே மாதிரி ஒரே வேகத்தில் ஓடும் மெஷினை வாங்குவதா, டிரைவ் என்ற மின்னணுக் கருவியால் தேவைக்கேற்ப வேகம் மாறும் விஎஃப்டி மெஷினை வாங்குவதா என்பது கேள்வி. பட்டறை அண்ணன் தம்பி இருவருடையது. டெமோவுக்குத் தம்பி வந்தார், மெயின்டனன்ஸ் பார்க்கும் பெரியவர் வந்தார். பணம் கொடுக்க வேண்டிய அண்ணன் வெளியூரில் இருந்தார்.

தம்பி கேட்டது இது: "விஎஃப்டி போட்டா கரண்ட் மிச்சம்னு எல்லாரும் சொல்றாங்க. எங்களுக்கு எவ்வளவுங்க மிச்சமாகும்?" பெரியவர் கேட்டது வேறு: "வோல்டேஜ் ஏறி இறங்கி டிரைவ் கார்டு போச்சுன்னா யாருங்க வர்றது, எத்தனை நாள் மெஷின் நிக்கும்?" இரண்டையும் அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே நோட்டில் எழுதிக்கொண்டேன். கிளம்பும்போது பழைய மெஷினின் கன்ட்ரோலர் திரையைப் படம் எடுத்தேன். மொத்தம் ஓடிய நேரம் 18,400 மணி, லோடில் ஓடியது 11,040 மணி. அதாவது 60 சதவீதம்தான் காற்று அடித்திருக்கிறது. மீதி நேரம் மோட்டார் சும்மா சுற்றியிருக்கிறது.

நன்றி மெயில் அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? தம்பி அதை அண்ணனுக்கு ஃபார்வர்ட் செய்திருப்பார். அண்ணன் கண்ணில் படுவது கொட்டேஷனின் கடைசி வரியில் இருக்கும் தொகை மட்டும். விஎஃப்டிக்கு ஏறத்தாழ 1,75,000 ரூபாய் கூடுதல். அதற்குக் காரணம் சொல்ல வேண்டிய பொறுப்பு தம்பி தலையில் விழும். கேட்லாக்கில் '35 சதவீதம் வரை மிச்சம்' என்று இருக்கும். அந்த 'வரை' என்ற சொல்லைக் கணக்குத் தெரிந்த எந்த முதலாளியும் நம்ப மாட்டார்.

மறுநாள் நான் எழுதிய மெயில் ஆங்கிலத்தில்தான். அதன் நடுப்பகுதியைத் தமிழில் தருகிறேன்:

"கரண்ட் எவ்வளவு மிச்சமாகும் என்று கேட்டீர்கள். உங்கள் கன்ட்ரோலரில் 60 சதவீதம் லோடு காட்டுகிறது. நாளுக்கு 10 மணி நேரம் என்று வைத்தால், லோடில் 6 மணி நேரத்துக்கு 24 கிலோவாட் வீதம் 144 யூனிட், சும்மா ஓடும் 4 மணி நேரத்துக்கு 7 கிலோவாட் வீதம் 28 யூனிட், ஆக 172. விஎஃப்டி இதே காற்றை ஏறத்தாழ 152 யூனிட்டில் கொடுக்கும். நாளுக்கு 20 யூனிட், 300 நாளுக்கு 6,000 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்றால் வருடத்துக்கு 48,000 ரூபாய். கூடுதல் விலை திரும்பி வர மூன்றரை வருடத்துக்கு மேல் ஆகும். கேட்லாக்கில் உள்ள 35 சதவீதம் உங்களுக்குக் கிடைக்காது. 12 சதவீதத்தை ஒட்டித்தான் வரும். பட்டறையில் லோடு 80 சதவீதத்துக்கு மேல் போனால் சாதா மெஷினே போதும்."

கடைசி இரண்டு வாக்கியங்களை எழுதும்போது கை தயங்கியது. ஆனால் மெயிலுக்கு உயிர் கொடுத்தவை அவைதான். கூட்டத்தில் இல்லாத ஒருவர் தன் மெஷினின் எண்ணைப் பார்க்கிறார், கால்குலேட்டரில் தட்டிச் சரிபார்க்க முடிகிறது. தம்பி எதையும் விளக்க வேண்டியதில்லை.

டிரைவ் கார்டு கேள்விக்கு அன்று என்னிடம் முழுப் பதில் இல்லை. 'கவலை வேண்டாம்' என்று எழுதுவது சுலபம். பெரியவரைப் போல கை அழுக்காகும் ஆளுக்கு அது பதிலே ஆகாது. தெரிந்ததை எழுதினேன்: கார்டு கெட்டுப்போவதற்கு வோல்டேஜ் ஏற்றத்தாழ்வு ஒரு காரணம், டிரைவின் சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்கில் தூசி அடைத்துச் சூடேறுவது இன்னொன்று. அதனால் லைன் சோக், சர்ஜ் புரொடெக்டர், சரியான எர்த்திங் மூன்றும் வேண்டும், ஹீட் சிங்கை மாதம் ஒருமுறை ஊத வேண்டும். வோல்டேஜால் போன கார்டு எங்கள் வாரன்ட்டியில் வராது என்பதையும் எழுதினேன். கார்டு விலையையும் அது ஸ்டோரில் கையிருப்பு இருக்கிறதா என்பதையும் வியாழக்கிழமைக்குள் சொல்கிறேன் என்று தேதி போட்டேன். புதன்கிழமையே அனுப்பிவிட்டேன்.

பராமரிப்பையும் அவர்கள் காலண்டரில் சொன்னேன். காற்றிலிருந்து எண்ணெயைப் பிரிக்கும் செப்பரேட்டரை மாற்றுவது '4,000 மணிக்கு ஒருமுறை' என்றால் யாருக்கும் மனதில் நிற்காது. நாளுக்கு 10 மணி, வருடம் 300 நாள், ஆக 3,000 மணி. அப்படியென்றால் 16 மாதத்துக்கு ஒருமுறை. இதைப் பெரியவர் தன் நோட்டிலேயே எழுதி வைத்துக்கொள்ளலாம். ஜிஎஸ்டி, டெலிவரி, பேமென்ட் எல்லாம் கடைசியில் இரண்டு வரி.

இந்த வகை மெயிலுக்கு விலை உண்டு. கணக்குப் போட, ஸ்டோரைக் கேட்க, எழுத என்று அரை நாள் போகும். மீட்டிங்கில் கவனமாகக் குறிப்பு எடுக்கவில்லை என்றால் எழுதவே முடியாது. மீட்டிங்கில் யாரும் கேட்காத குறையை நாமே கிளப்பிவிடும் ஆபத்தும் இருக்கிறது, அதனால் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் என்று வரம்பு வைத்துக்கொள்கிறேன். பர்சேஸ் டிபார்ட்மென்ட், டெண்டர் என்று போகும் பெரிய மில்களில் இது எவ்வளவு உதவும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன்; அங்கே நான் அனுப்பியதே மூன்று நான்கு மெயில்தான். நன்றி மெயில் அனுப்பி ஆர்டர் எடுத்த நாட்களும் எனக்கு உண்டு.

மெயில் வேலை செய்ததா என்பதைப் பதிலை வைத்தே கண்டுபிடிக்கலாம். 'பார்த்துட்டுச் சொல்றோம்' என்றோ 'விலை கொஞ்சம் பாருங்க' என்றோ வந்தால், நாம் எழுதியது உள்ளே போகவில்லை. கணபதியில் ஐந்தாம் நாள், நான் பார்த்தே இராத அண்ணன் போன் செய்தார். "ஜெனரேட்டர்ல ஓடும்போது வோல்டேஜ் இறங்கினா டிரைவ் டிரிப் ஆகுமாங்க?" ஆகும் என்றேன். ஆனால் மோட்டார் மெதுவாகக் கிளம்புவதால், ஸ்டார்ட் ஆகும் நேரத்தில் ஜெனரேட்டருக்குச் சுமை குறையும் என்றும் சொன்னேன். லைன் சோக்கை விலைக்குள் சேர்த்துக் கொடுக்கச் சொன்னார். மறுநாள் திருத்திய கொட்டேஷன் போனது, அடுத்த வாரம் விஎஃப்டிக்கு அட்வான்ஸ் வந்தது.