கலஞ்சோ மறுபடி பூக்க: மாடியா, அட்டைப்பெட்டியா, டைமர் விளக்கா?

நர்சரியில் கொத்துக்கொத்தாகப் பூத்திருக்கும் கலஞ்சோவை வாங்கி வந்தால் ஒன்றரை, இரண்டு மாதம் அழகாக நிற்கும். பூ காய்ந்து விழுந்த பிறகு பலருடைய வீட்டில் அது வெறும் இலைச்செடியாகிவிடுகிறது. இலை தடித்துப் பச்சையாக இருக்கும், செடியில் நோய் எதுவும் இருக்காது, ஆனால் வருடக்கணக்கில் ஒரு மொட்டு வராது. உரம் போடுவார்கள், மண் மாற்றுவார்கள், வெயிலில் வைப்பார்கள். இதில் எதுவும் அந்தச் செடி எதிர்பார்க்கும் விஷயம் இல்லை. அதற்கு வேண்டியது நீண்ட, இடையில் அறுபடாத இருட்டு.

மடகாஸ்கரில் பிறந்த செடி இது. நாம் வாங்கும் பூக்கலஞ்சோ வகைகளின் மூதாதையை ஜெர்மனியின் போட்ஸ்டாம் நகரத்து நர்சரிக்காரர் ராபர்ட் பிளாஸ்பெல்ட் 1932-இல் சந்தைக்குக் கொண்டுவந்தார். 1940-களில் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ஹார்டர் இதை வைத்து ஒரு முக்கியமான சோதனை செய்தார். செடி முழுவதையும் நீண்ட பகலில் வைத்து, ஒரே ஒரு இலைக்கு மட்டும் கறுப்பு உறை போட்டு இரவை நீட்டினார். செடி பூத்தது, அதுவும் பெரும்பாலும் அந்த இலை இருந்த பக்கத்தில். ஆக, இரவின் நீளத்தை அளப்பது இலை. அங்கிருந்து கிளம்பும் செய்தி தண்டின் நுனிக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் அந்த நுனி இலை விடுவதை நிறுத்தி மொட்டுக்கு மாறுகிறது. உங்கள் செடியில் ஒரு பக்கம் மட்டும் பூத்து, தெருவிளக்கைப் பார்த்த பக்கம் பச்சையாகவே நின்றால் காரணத்தை இங்கே தேடலாம்.

பகல் சுமார் பன்னிரண்டு மணி நேரத்துக்குக் கீழே வந்தால்தான் கலஞ்சோ பூக்க ஆரம்பிக்கும். வகைக்கு வகை இது கொஞ்சம் மாறும். வணிகமாக வளர்ப்பவர்கள் இந்த எல்லையோடு விளையாடுவதில்லை. மாலையில் கறுப்புத் திரையை இழுத்துவிட்டு, தினமும் பதினான்கு பதினைந்து மணி நேர இரவை உண்டாக்குகிறார்கள். ஜூலையில் கூடப் பூத்த கலஞ்சோ கடைக்கு வருவது அப்படித்தான். நம் வீட்டில் அதே வேலையைச் செய்ய மூன்று வழிகள் இருக்கின்றன. எது யாருக்குச் சரிப்படும் என்பதை சென்னையை வைத்துப் பார்க்கலாம். மற்ற ஊர்க்காரர்கள் குளிரை மட்டும் கூட்டிக் குறைத்துக்கொண்டால் போதும்.

மாடியில் இயற்கையிடம் விடுவது

செலவில்லாத வழி இது. சென்னையில் ஜூன் மாதப் பகல் பன்னிரண்டே முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். டிசம்பர் கடைசியில் அது பதினொன்றரைக்குக் கொஞ்சம் கீழே இறங்கும். கணக்குப்படி நவம்பர் முதல் ஜனவரி வரை செடி பூக்கத் தயாராக வேண்டும். பல வீடுகளில் ஜனவரி, பிப்ரவரியில் தானாகப் பூப்பதும் உண்டு.

ஆனால் இந்த வழியில் மிச்சம் மிகக் குறைவு. சூரியன் மறைந்த பிறகும், உதிக்கும் முன்பும் இருபது நிமிடத்துக்கு மேல் வெளிச்சம் இருக்கும். அதைக் கழித்தால் டிசம்பரிலேயே முழு இருட்டு பன்னிரண்டு மணி நேரம்தான் தேறும். அதில் கொஞ்சம் கை வைத்தாலும் செடிக்கு இரவு சுருங்கிவிடும். கை வைப்பது வேறு யாரும் இல்லை, பால்கனி பல்பும், ஹால் ஜன்னல் வழியாக வரும் டியூப்லைட்டும், எதிரே புதிதாக மாட்டிய எல்இடி தெருவிளக்கும்தான். இலையில் இருக்கும் ஃபைட்டோகுரோம் என்ற நிறமி சிவப்பொளியை உணர்கிறது. நடு இரவில் சில நிமிட வெளிச்சம் பட்டாலே ஒரு நீண்ட இரவு இரண்டு குட்டி இரவுகளாக உடைந்துவிடும். நம் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரியும் எல்இடி வெளிச்சத்திலும் சிவப்பு கலந்திருக்கிறது. இரவு பத்து மணிக்குச் செடிப் பக்கத்தில் நின்று செய்தித்தாளின் பொடி எழுத்தைப் படிக்க முடிகிறதா என்று பாருங்கள். படிக்க முடிந்தால் அந்த இடம் வேண்டாம்.

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், பக்கத்து மாடி விளக்கு எட்டாத மூலை, பகலில் நல்ல வெயில் என்று ஓர் இடம் அமைந்தால் இந்த வழியை நம்பலாம். பூ கொஞ்சம் தாமதமாக, கொஞ்சம் குறைவாக வரும். தனி வீடும் மொட்டை மாடியும் உள்ளவர்களுக்கு இது போதும். அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்களுக்கு அப்படியொரு மூலை கிடைப்பது அரிது.

அட்டைப்பெட்டி கவிழ்ப்பது

என் தேர்வு இதுதான், பெரும்பாலான வீடுகளுக்கு இதுவே சரி. செடியை விட ஒரு சாண் உயரமான அட்டைப்பெட்டி, மூட்டுகளில் பழுப்பு டேப், உள்ளே கறுப்புத் தாள், அவ்வளவுதான். பெட்டி தயாரானதும் இருட்டறையில் செல்போன் டார்ச்சை உள்ளே எரியவிட்டு வெளியிலிருந்து பாருங்கள். எங்கே கோடு தெரிகிறதோ அங்கே இன்னொரு டேப். பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்ப்பவர்கள் உண்டு. வெளிர் நிற வாளி வெளிச்சத்தை விட்டுவிடும். அண்டாவுக்குள் வெளிச்சம் போகாதுதான், ஆனால் காற்றும் போகாது. கலஞ்சோ இரவில் கரியமில வாயுவை உள்ளிழுக்கும் இனம் என்பதால், லேசாகக் காற்று கசியும் அட்டையே அதற்குத் தோது. பாலிதீன் பை மட்டும் வேண்டவே வேண்டாம். உள்ளே வேர்த்து, தண்டு அழுகிவிடும்.

ஒரு பால்கனிச் செடிக்கான காலக்கணக்கை முழுதாகப் போட்டுப் பார்ப்போம். செப்டம்பரில் காய்ந்த பூத்தண்டுகளைக் கணுவுக்கு மேல் வெட்டிவிட வேண்டும். புதுத் துளிர் வந்து ஒவ்வொரு கிளையிலும் நாலைந்து ஜோடி இலையாவது இருக்க வேண்டும், பிஞ்சுச் செடிக்கு இருட்டு கொடுத்துப் பயனில்லை. தழைச்சத்து உரத்தை அக்டோபரோடு நிறுத்திவிடலாம். நவம்பர் 15-இல் பெட்டியை ஆரம்பிக்கலாம். மாலை ஐந்து மணிக்குக் கவிழ்க்க வேண்டும், காலை எட்டு மணிக்கு எடுக்க வேண்டும். பதினைந்து மணி நேர இருட்டு, ஒன்பது மணி நேர வெளிச்சம். அந்த ஒன்பது மணி நேரமும் ஜன்னலோரத்தில் நல்ல வெளிச்சம் கிடைப்பது அவசியம். "இருட்டு வேணும்னு சொன்னாங்க" என்று இரண்டு வாரம் அலமாரிக்குள் பூட்டி வைப்பவர்களின் செடி வெளுத்துப் போவதற்குக் காரணம் இதுதான். பகலில் சர்க்கரை தயாரிக்காத இலையால் பூவைத் தாங்க முடியாது.

இதை ஆறு வாரம், அதாவது டிசம்பர் 27 வரை தொடர வேண்டும். நான்கு முதல் ஆறு வாரத்துக்குள் நுனியில் மாற்றம் தெரியும். ஒரு ஜோடி இலைக்குப் பதிலாக நெருக்கமான பச்சை மணிகள் கொத்தாக எழும். அவை தெளிவாகத் தெரிந்துவிட்டால் பெட்டியை ஓரங்கட்டலாம், அதற்குப் பிறகு மலர இருட்டு தேவையில்லை. மலர்வதற்கு, பெட்டி ஆரம்பித்த நாளிலிருந்து வகையைப் பொறுத்து ஒன்பது முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். ஆக, ஜனவரி பிற்பாதியிலோ பிப்ரவரியிலோ பூவைப் பார்க்கலாம்.

இந்த வழியின் பலவீனம் மனிதக் கைதான். ஐந்து மணிக்கு வீட்டில் யாரும் இல்லையென்றால்? ஏழு மணிக்குக் கவிழ்த்துக் காலை பத்துக்கு எடுத்தாலும் பரவாயில்லை, நேரம் மாறாமல் இருந்தால் போதும். என்றாவது ஒருநாள் மறந்தால் தாமதமாகும், அவ்வளவுதான். வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் விட்டுப்போனால் கொத்து சிறுத்துவிடும். இரண்டு வாரத்திலேயே சலித்து நிறுத்துவது இன்னும் மோசம். கொடுத்த நீண்ட இரவுகளின் எண்ணிக்கைக்கு ஏற்பத்தான் பூவின் எண்ணிக்கை அமைகிறது. பாதியில் நிறுத்திய செடியில் நாலு பூவும், நடுநடுவே இலையும் கலந்த ஒரு குழப்பமான தண்டு வரும். அப்படியொன்றைப் பார்த்தால் இருட்டு போதவில்லை என்று புரிந்துகொள்ளலாம்.

அறைக்குள் டைமர் விளக்கு

வெளி வெளிச்சம் புகாத ஒரு தட்டிலோ அலமாரியிலோ எல்இடி விளக்கை மாட்டி, காலை ஒன்பதுக்கு எரிந்து மாலை ஆறுக்கு அணையும்படி டைமர் வைப்பது மூன்றாவது வழி. 20 வாட் விளக்கு ஒன்பது மணி நேரம் எரிந்தால் நாளுக்கு 0.18 யூனிட், ஆறு வாரத்துக்கு எட்டு யூனிட்கூட ஆகாது. மறதிக்கு இடமில்லை, வேலைக்குப் போகிறவர்களுக்கு வசதி. குறை என்னவென்றால், வீட்டு விளக்கின் வெளிச்சம் ஜன்னல் வெளிச்சத்துக்கு ஈடாகாது. விளக்கு ஒரு சாணுக்கு மேல் தள்ளியிருந்தால் கணுக்கள் நீண்டு செடி நெட்டையாகிவிடும். நடு இரவில் ஏதோ எடுக்க அலமாரியைத் திறந்து விளக்கைப் போட்டால் அன்றைய இரவு போச்சு. ஐந்தாறு தொட்டிகள் வைத்திருப்பவர்களுக்கு இது கட்டுப்படியாகும். ஒரு செடிக்காக இவ்வளவு ஏற்பாடு தேவையில்லை.

வெப்பம்

இந்த ஒப்பீட்டில் பலர் விட்டுவிடும் விஷயம் இரவின் சூடு. கலஞ்சோவுக்கு மொட்டு வைக்கப் பிடித்தது 18 முதல் 21 டிகிரி. இரவு 27 டிகிரிக்கு மேல் போனால், இருட்டு எவ்வளவு சரியாகக் கொடுத்தாலும் மொட்டு தள்ளிப்போகும். சென்னையின் மே மாத இரவே அந்த அளவுக்குப் புழுங்கும். அதோடு, மேற்கு வெயில் படும் பால்கனியில் ஐந்து மணிக்குக் கவிழ்த்த பெட்டிக்குள் சூடு இன்னும் ஏறும். கோடையில் பெட்டி முயற்சி செய்து தோற்றவர்கள் பெட்டியைக் குறை சொல்லத் தேவையில்லை, மாதம்தான் தவறு. மே, ஜூனில் பூ வேண்டுமென்றால் ஏசி ஓடும் அறையில் டைமர் வழி ஒன்றுதான் கைகொடுக்கும். ஓசூர், கோவை போன்ற ஊர்களின் டிசம்பர் இரவு இந்தச் செடிக்கு அளவெடுத்துத் தைத்தது மாதிரி அமையும். ஊட்டிக்காரர்களுக்கு நேர் எதிர்ப் பிரச்சினை. பத்து டிகிரிக்குக் கீழே செடி நின்றுபோகும், உறைபனி பட்டால் கருகும். அங்கே பெட்டியை வீட்டுக்குள் வைத்தே கவிழ்க்க வேண்டும்.

இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். இலை ஓரத்தில் குட்டிச்செடி முளைக்கும் ரணகள்ளியும் கலஞ்சோ இனம்தான், ஆனால் அதன் கணக்கு வேறு. முதலில் சில மாதம் நீண்ட பகல், அப்புறம் நீண்ட இரவு என்ற வரிசையில் கிடைத்தால்தான் அது பூக்கும். வருடம் முழுக்க அறைக்குள் குறுகிய பகலில் வைத்துப் பெட்டி கவிழ்த்தாலும் அது அசையாது. கோடை முழுக்க வெளியில் விட்டுவிட்டு, நவம்பரிலிருந்து இரவில் விளக்கு வெளிச்சம் எட்டாத மூலைக்கு மாற்றுங்கள்.