கடலை எண்ணெய் யூனிட்: செக்கா, எக்ஸ்பெல்லரா, இல்ல கூலிக்கு ஆட்டிக் கொடுக்குறதா?

திருவண்ணாமலை பக்கம் சின்னதா ஒரு கடலை எண்ணெய் யூனிட் போடலாம்னு ஃபீசிபிலிட்டி ரிப்போர்ட் போட்டப்போ மூணு வழிய எதிரெதிரா வச்சுப் பார்த்தேன். முதலாவது ரெண்டு மரச்செக்கு வாங்கி நம்ம பேர்ல எண்ணெய் விக்கிறது. ரெண்டாவது, இரும்புத் திருகால பருப்ப நெருக்கிப் பிழியுற ஒரு சின்ன எக்ஸ்பெல்லர், கூடவே எண்ணெய வடிகட்ட ஃபில்டர் பிரஸ். மூணாவது அதே ரெண்டு செக்கையே போட்டு, சொந்தமா கடலை வாங்காம ஊர்க்காரங்க கொண்டு வர்றத கூலிக்கு மட்டும் ஆட்டிக் கொடுக்குறது. கடைசில நான் எடுத்தது முதல் வழிதான், ஆனா கூலி ஆட்டத்தையும் சேர்த்துக்கிட்டேன், அதனால என் சாய்வு எந்தப் பக்கம்னு இப்பவே தெரிஞ்சுக்கோங்க.

மெஷின் விலை, ஷெட் வாடகை, லைசென்ஸ் இதெல்லாம் கொட்டேஷன் வாங்குனா ஒரு வாரத்துல தெரிஞ்சிடும், அதுல பெருசா பேச ஒண்ணுமில்ல. கரண்ட் பத்தி மட்டும் ஒரு வார்த்தை. தமிழ்நாட்டுல 12 கிலோவாட்டுக்குள்ள லோடு இருந்தா குறுந்தொழில் டாரிஃப்ல வந்துடலாம். 3 ஹெச்பி மோட்டார் ரெண்டு, லைட்டு, ஃபேன் எல்லாம் அதுக்குள்ள தாராளமா அடங்கும். 15, 20 ஹெச்பி எக்ஸ்பெல்லர் வச்சா அந்த எல்லையத் தொட்டுடும் இல்ல தாண்டிடும், அப்போ ரேட்டும் வேற ஃபிக்ஸட் சார்ஜும் வேற.

உண்மையில முடிவு பண்ணுனது கடலைல முடங்குற காசுதான். நிறைய ப்ராஜெக்ட் ரிப்போர்ட்ல மெஷினுக்கு ரெண்டு பக்கம் எழுதுவாங்க, ஒர்க்கிங் கேப்பிட்டலுக்கு கடைசில ஒரு வரி. இந்தத் தொழில்ல அது தலைகீழா இருக்கணும்.

கணக்கு இதுதான். ஒரு செக்குல ஒரு தடவைக்கு 12 கிலோ பருப்பு, கொட்டி ஆட்டி புண்ணாக்கு வழிச்சு எடுக்க ஒரு மணி நேரம்னு வைங்க. சாப்பாடு, கரண்ட் கட் எல்லாம் போக ஒரு நாளைக்கு 6 ஆட்டம், ரெண்டு செக்குக்கும் சேர்த்து 144 கிலோ. மாசம் 25 நாள் ஓடுனா 3,600 கிலோ, அதாவது 80 கிலோ மூட்டைல 45 மூட்டை. பருப்பு கிலோ 110 ரூபான்னு வச்சா மாசத்துக்கு நாலு லட்சம் கிட்ட போகுது. ரெண்டு செக்கும் சேர்த்தே நாலஞ்சு லட்சத்துக்குள்ள வந்துடும்னா, ஒரு மாசக் கடலையே கிட்டத்தட்ட மெஷின் விலைக்கு வந்துடுது. அதுவும் மார்கழிப் பட்டத்து அறுவடை மார்ச், ஏப்ரல்ல மார்க்கெட் கமிட்டிக்கு வரும்போது விலை இறங்கும், அப்பவே நாலு மாசத்துக்கு வாங்கிப் போடலாம்னு நினைச்சா 16 லட்சம். அதே எக்ஸ்பெல்லர்னா மணிக்கு 75 கிலோ தள்ளும், நாளைக்கு 600 கிலோ, மாசம் 15 டன், 16 லட்சத்து 50 ஆயிரம் ரூபா சரக்கு ஒரே மாசத்துக்கு வேணும். மெஷின வாங்கிட்டு பாதி நாள் சும்மா நிறுத்தி வச்சா லிட்டருக்கு ஆகுற வட்டியும் கூலியும் ஏறிடும்.

எக்ஸ்பெல்லர்ல எண்ணெய் கூட வரும், அது நிஜம். 100 கிலோ நல்ல பருப்புல செக்குல 39 கிலோ வந்தா எக்ஸ்பெல்லர்ல 42 கிலோ வரும், ஏன்னா செக்குப் புண்ணாக்குல எண்ணெய் அதிகமா தங்கிடுது. எண்ணெய் லிட்டருக்கு 910 கிராம்தான், அதனால 39 கிலோன்னா கிட்டத்தட்ட 43 லிட்டர். பருப்பு 11,000 ரூபா, புண்ணாக்கு 58 கிலோவ 40 ரூபான்னு வித்தா 2,320 கழிஞ்சிடும், மீதி 8,680, லிட்டருக்கு 202 ரூபா அடக்கம். இது கூலி, கரண்ட், பாட்டில் எல்லாம் சேக்காம. எக்ஸ்பெல்லர்ல இதே கணக்கு 190 ரூபா கிட்ட வரும். 12 ரூபா லாபமாச்சேன்னு தோணும், ஆனா அந்த எண்ணெய நீங்க காங்கேயம், வெள்ளகோவில் பெரிய மில்லுங்க விலையோட மோதி டின் கணக்குலதான் விக்கணும். செக்கு எண்ணெய்க்கு வர்ற வீட்டுக்காரம்மா அந்த 12 ரூபாயப் பார்க்கறதில்ல, வாசனையையும் கண்ணு முன்னாடி ஆட்டுறாங்களான்னும்தான் பார்க்குறாங்க.

இப்போ ரிஸ்க். பருப்பு விலை கிலோவுக்கு 10 ரூபா ஏறுனா நம்ம அடக்கம் லிட்டருக்கு 23 ரூபா ஏறுது, 202 போய் 225 ஆயிடும். அதுவே எண்ணெய் 39 கிலோவுக்கு பதிலா 36 கிலோதான் இறங்குச்சுன்னா 14 ரூபா ஏறும். அதனால ரிப்போர்ட்ல 60, 70, 80 சதவீதம்னு கெப்பாசிட்டி மட்டும் மாத்தி மூணு வருஷம் காட்டுறது போதாது, பருப்பு விலையும் எண்ணெய் இறக்கமும் தனித்தனியா ஆடுனா என்ன ஆகும்னு ரெண்டு வரி போட்டே ஆகணும். இறக்கம் குறைஞ்சிருக்கான்னு ஆட்டும்போதே தெரியும், வழிச்ச புண்ணாக்க ஒரு காகிதத்துல வச்சு கட்டை விரலால அமுக்கிப் பாருங்க, எண்ணெய் வட்டம் சட்டுன்னு பரவுனா இன்னும் உள்ள இருக்குன்னு அர்த்தம். பருப்பு ஈரமா இருந்தா எண்ணெய் கலங்கலா வரும், ரொம்ப காஞ்சா புண்ணாக்கு சேர்ந்து கட்டாது, அதுக்குத்தான் லேசா தண்ணி தெளிக்கிறாங்க.

பூஞ்சை பிடிச்ச பருப்புதான் இன்னொரு பெரிய பயம். அந்தப் பூஞ்சை உண்டாக்குற அஃப்லடாக்சின்ங்கிற நச்சு பெரும்பாலும் புண்ணாக்குல போயிடும்னாலும், நாம ரிஃபைன் பண்ணாததால கொஞ்சம் எண்ணெய்லயும் நின்னுடும், புண்ணாக்கத் தின்ன மாட்டோட பாலுக்கும் போகும். சுருங்குனது, கறுத்தது பொறுக்க ரெண்டு ஆள் கூலிய ரிப்போர்ட்லயே போட்டுடுங்க, பின்னாடி பார்த்துக்கலாம்னு விடாதீங்க. இது மூணு வழிக்குமே பொது, ஆனா கூலி ஆட்டத்துல அவங்க கொண்டு வந்த பருப்ப நாம தள்ளிவிட முடியாது, அது ஒரு சங்கடம்.

லோன் பக்கமும் இந்த ஒர்க்கிங் கேப்பிட்டல்தான் வந்து நிக்குது. நான் போட்டப்போ, மானியத்தோட தொழில் லோன் தர்ற மத்திய அரசுத் திட்டமான பிஎம்இஜிபி-ல நிலத்தோட விலைய சேர்க்க விடல, ஒரு சுத்து ஒர்க்கிங் கேப்பிட்டல் சேர்க்கலாம். மானியம் உடனே கைக்கு வராது, மூணு வருஷம் பேங்க்ல லாக் ஆயிடும். அந்த மூணு வருஷத்துல, ஒர்க்கிங் கேப்பிட்டலுக்குன்னு பேங்க் தர்ற கேஷ் கிரெடிட் லிமிட் ஒரு தடவையாவது முழுசா தொட்டிருக்கணும், பயன்பாடு 75 சதவீதத்துக்குக் கீழ போகக்கூடாது, போனா அந்த அளவுக்கு மானியத்த திரும்ப எடுத்துக்குவாங்க. எக்ஸ்பெல்லருக்குன்னு பெரிய லிமிட் கேட்டு வாங்கிட்டு பாதி மட்டும் ஓட்டுனா இங்கதான் மாட்டும். விதி மாறிக்கிட்டே இருக்கும், மாவட்டத் தொழில் மையத்துல இப்போ என்னன்னு கேட்டுட்டு எழுதுங்க.

கூலி ஆட்டம் மட்டும்னா சரக்குல ஒரு ரூபா முடங்காது, விலை ஏறுனா நமக்கென்னன்னு இருக்கலாம். ஆனா ஆள் வர்றது நம்ம கைல இல்ல. அறுவடை முடிஞ்சதும் வரிசை கட்டி நிப்பாங்க, மழை மாசத்துல செக்கு சும்மா கிடக்கும், ஆட்டுறவருக்கு சம்பளம் மட்டும் ஓடும். கூலிக்கு பதிலா புண்ணாக்க எடுத்துக்கோங்கன்னு நிறைய பேர் சொல்லுவாங்க, அப்போ புண்ணாக்கு விலை இறங்குனா நம்ம கூலியும் சேர்ந்து இறங்கும். அதனால நான் நாளோட ஆறு ஆட்டத்துல ரெண்ட கூலிக்கு விட்டு நாலு சொந்தத்துக்குன்னு பிரிச்சேன், மாசம் 45 மூட்டை 30 மூட்டையாச்சு, கேட்ட லிமிட்டும் அந்த அளவுக்கு குறைஞ்சுது.

எக்ஸ்பெல்லர் ஓட்டுன அனுபவம் எனக்கு இல்ல, அதோட புழுன்னு சொல்ற திருகு, அதச் சுத்தி இருக்குற கூண்டுக்கம்பி தேய்மானம் மாத்துற செலவெல்லாம் மத்தவங்க சொன்னத வச்சுதான் போட்டேன். ஏற்கனவே மொத்தமா எடுக்க ரெண்டு மூணு ஹோட்டல் இல்ல கடை கைல இருக்கு, கடலையும் சொந்தக் காட்டுல இருந்தே வருதுன்னா இந்தக் கணக்கு உங்களுக்கு வேற மாதிரி வரலாம்.